வெள்ளி இரவு கட்டிய பணம் செவ்வாய் மதியம் வந்தது ஏன்?

கேள்வி: ஐயா, இணையத்தில் சிறிய கடை ஒன்று நடத்துகிறேன். போன வெள்ளிக்கிழமை இரவு 11:40க்கு ஒருவர் கார்டு மூலம் 10,000 கட்டினார். அவருக்குப் பணம் போய்விட்டதாக மெசேஜ் வந்துவிட்டது, எனக்கும் ‘சக்சஸ்’ என்று காட்டியது. ஆனால் செவ்வாய் மதியம்தான் என் வங்கிக் கணக்கில் பணம் வந்தது. அதுவும் 33,750 என்று ஒரே வரி. அதில் இந்த 10,000 எங்கே என்றே தெரியவில்லை. இடையில் என் பணம் யாரிடம் இருந்தது? அதை வைத்து யாராவது வட்டி பார்க்கிறார்களா? 0.5 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தால் உடனே தருகிறோம் என்று, கார்டு பணத்தை எனக்காக வாங்கித் தரும் கேட்வே நிறுவனம் சொல்கிறது, அதை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்:

கார்டு பணத்தைக் கடைக்காரர்களுக்குப் பட்டுவாடா செய்யும் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். திங்கட்கிழமை காலையில் வரும் போன்களில் பாதி இதே கேள்விதான். ‘பணம் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது?’ என்று கேட்பார்கள். எங்கேயும் மாட்டவில்லை, இன்னும் கிளம்பவே இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை.

வெள்ளி இரவு 11:40க்கு நடந்ததைப் பார்ப்போம். வாடிக்கையாளர் கார்டு எண்ணைப் போட்டு பட்டனைத் தட்டியதும் உங்கள் கேட்வே ஒரு செய்தியை அனுப்புகிறது. அது உங்களுக்காகப் பணம் வசூலிக்கும் வங்கிக்குப் போய், அங்கிருந்து விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க் வழியாக, வாடிக்கையாளருக்குக் கார்டு கொடுத்த வங்கியை அடைகிறது. அந்த வங்கி மூன்று விஷயங்களைப் பார்க்கும். கார்டு உயிரோடு இருக்கிறதா, இவ்வளவு தொகைக்கு இடம் இருக்கிறதா, சந்தேகப்படும்படி ஏதாவது இருக்கிறதா. எல்லாம் சரி என்றால் ஓர் அனுமதி எண்ணோடு ‘கொடுக்கலாம்’ என்று பதில் வரும். போய்வர இரண்டு மூன்று நொடி. உங்கள் திரையில் வந்த ‘சக்சஸ்’ இந்தப் பதில்தான். இதற்கு ஆதரைசேஷன் என்று பெயர்.

இந்த இடத்தில் ஒரு காசுகூட வங்கி விட்டு வங்கி நகரவில்லை. வாடிக்கையாளரின் வங்கி அவர் கணக்கில் 10,000க்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தொகையை அவர் வேறு எதற்கும் செலவு செய்ய முடியாது. அவருடைய மெசேஜில் ‘கழிக்கப்பட்டது’ என்றே இருக்கும், அவர் பார்வையில் அது சரிதான். ஆனால் பணம் இன்னும் அவருடைய வங்கிக்குள்தான் இருக்கிறது. உங்களிடம் இருப்பது ஒரு வாக்குறுதி. ஹோட்டலில் அறை எடுக்கும்போது கூடுதலாக ஒரு தொகையைப் பூட்டிவிட்டு, காலி செய்யும்போது உண்மையான பில்லை மட்டும் எடுப்பார்களே, அது சாத்தியமாவது இப்படிப் பூட்டுவதும் எடுப்பதும் தனித்தனி வேலைகளாக இருப்பதால்தான். (டெபிட் கார்டில் பின் எண் போட்டுச் செய்யும் சில பரிவர்த்தனைகளில் இரண்டும் ஒரே செய்தியில் முடிந்துவிடும். இணையக் கடையில் பெரும்பாலும் இரண்டு படிதான்.)

எடுக்கும் வேலைக்குப் பெயர் கேப்ச்சர். ‘அன்று பூட்டிய பணத்தைக் கொடுங்கள்’ என்று கடைக்காரர் தரப்பிலிருந்து கேட்பது. பெரும்பாலான கேட்வேக்களில் இது தானாக நடக்கும்படி அமைத்திருப்பார்கள். அதனால் இப்படி ஒரு படி இருப்பதே பல பேருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் வருவதில்லை. ஏதாவது தவறும்போதுதான் தெரியவரும். ஒரு கடைக்காரர் பத்து நாள் ஆகியும் பணம் வரவில்லை என்று போன் செய்தார். பொருள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் கணக்கைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு ஆர்டர் பக்கத்திலும் Authorized என்று இருக்கிறது. Captured என்று ஒன்றுகூட இல்லை. யாரோ அமைப்பை மாற்றும்போது ‘கையால் கேப்ச்சர் செய்’ என்ற தேர்வை விட்டுவைத்திருக்கிறார்கள். பூட்டுக்கு ஆயுள் உண்டு. இணைய விற்பனையில் பெரும்பாலும் ஏழு நாள் அளவுதான், அதற்குப் பிறகு அது தானாக விழுந்துவிடும். அந்த மனிதர் ஒவ்வொரு வாடிக்கையாளராகக் கூப்பிட்டு மறுபடியும் பணம் கட்டச் சொல்ல வேண்டியதாயிற்று. சிலர் கட்டினார்கள். உங்கள் விஷயத்தில் இந்தப் பிரச்சினை இல்லை, பணம் வந்துவிட்டது. ஆனாலும் இனி பணம் தாமதமானால் முதலில் அந்த ஒரு சொல்லைப் பாருங்கள். Authorized என்று நின்றால் தாமதம் உங்கள் பக்கம். Captured என்றால் பந்து அவர்கள் பக்கம்.

சரி, கேப்ச்சர் ஆகிவிட்டது. உடனே பணம் வர வேண்டியதுதானே? அப்படி ஒவ்வொன்றாக அனுப்புவதில்லை. அன்றைய விற்பனைகளைச் சேர்த்துக் கட்டி ஒரே பேட்சாக அனுப்புவார்கள். அதற்கு தினமும் ஒரு நேரக் கெடு உண்டு, கட்-ஆஃப். தபால்பெட்டியில் கடைசி எடுப்பு நேரம் எழுதியிருப்பது போலத்தான். அது தாண்டிப் போட்ட கடிதம் மறுநாள் கட்டில்தான் போகும். உங்கள் கேட்வேயின் கெடு இரவு 10 மணி என்றும், ஒப்பந்தம் T+1 என்றும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் உங்கள் தேதிகள் அச்சாகப் பொருந்துகின்றன.

T+1 என்றால் மறுநாள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். T என்பது வாடிக்கையாளர் பணம் கட்டிய நாள் இல்லை. உங்கள் விற்பனை சேர்ந்த பேட்சின் நாள். அந்த 1, காலண்டர் நாள் இல்லை. வங்கி வேலை நாள். இந்த இரண்டையும் வைத்து வெள்ளிக்கிழமையை மறுபடி பாருங்கள். அந்த வாடிக்கையாளர் இரவு 9:30க்குக் கட்டியிருந்தால் வெள்ளி பேட்சில் சேர்ந்திருப்பார், திங்களன்று பணம் வந்திருக்கும். 11:40க்குக் கட்டியதால் சனி பேட்சில் விழுந்தார். சனியும் ஞாயிறும் வங்கிகளுக்கு இடையே பணம் கைமாறாத நாட்கள் என்பதால், அந்த பேட்சுக்கு T திங்களாகிவிடுகிறது. T+1 செவ்வாய். கெடுவைத் தாண்டிய அந்த 100 நிமிடம் உங்களுக்கு ஒரு முழு நாளைத் தின்றுவிட்டது. வார விடுமுறை எந்தெந்த நாள் என்பது நாட்டுக்கு நாடு மாறும். கேட்வேயின் கடிகாரம் எந்த நாட்டு நேரத்தில் ஓடுகிறது என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய இரவு 10 மணி உங்களுக்கு மாலையாகவும் இருக்கலாம்.

இந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்கு என்ன சனி, என்ன ஞாயிறு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் கம்ப்யூட்டரில் இல்லை, வங்கிகள் ஒன்றுக்கொன்று எப்படிக் கணக்குத் தீர்க்கின்றன என்பதில் இருக்கிறது.

இரண்டே வங்கிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம், ‘அ’, ‘ஆ’. ஒரு நாளில் ‘அ’ வங்கியின் கார்டுகளை வைத்து ‘ஆ’ வங்கியின் கடைக்காரர்களிடம் 80 லட்சத்துக்கு வாங்கியிருக்கிறார்கள். அதே நாளில் ‘ஆ’ வங்கியின் கார்டுகளை வைத்து ‘அ’ வங்கியின் கடைக்காரர்களிடம் 74 லட்சத்துக்கு வாங்கியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான பரிவர்த்தனைகளைத் தனித்தனியாக அனுப்பினால் மொத்தம் 154 லட்சம் அங்கும் இங்கும் ஓட வேண்டும். அதற்கு இரண்டு வங்கிகளும் நாள் முழுக்கக் கையில் ரொக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மாறாக, நெட்வொர்க் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, ‘அ, நீ ஆவுக்கு 6 லட்சம் கொடு, தீர்ந்தது’ என்கிறது. 154 லட்சம் வியாபாரத்துக்கு நகரும் பணம் 6 லட்சம். நூற்றுக்கணக்கான வங்கிகள் என்று வரும்போது இந்த மிச்சம் இன்னும் பெரிது.

ஆனால் கழித்துப் பார்க்க வேண்டுமென்றால் கூட்டி முடிக்க வேண்டும், கூட்டி முடிக்க ஒரு நாளாவது கணக்கு சேர வேண்டும். உங்கள் காத்திருப்பின் முதல் காரணம் இது. கடைசியில் அந்த 6 லட்சம் ஏதோ ஒரு செட்டில்மென்ட் வங்கியிலோ மத்திய வங்கியிலோ இருக்கும் கணக்குகளுக்கு இடையே மாற வேண்டும். அந்தக் கதவு திறந்திருக்கும் நாளில்தான் அது நடக்கும். சனி ஞாயிறுகளில் கோப்புகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும், யார் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு சேர்ந்துகொண்டே இருக்கும். பணம் மட்டும் உட்கார்ந்திருக்கும்.

இந்த இடைவெளி வங்கிகளுக்கும் பிடித்தமான விஷயம் இல்லை. 1974 ஜூன் 26ஆம் தேதி ஜெர்மனியில் ஹெர்ஷ்டாட் என்ற வங்கியை அந்நாட்டு அதிகாரிகள் மூடினார்கள். அந்நியச் செலாவணி வியாபாரத்தில் எதிர்த்தரப்பு வங்கிகள் அன்று தங்கள் பங்கு ஜெர்மன் பணத்தைக் கொடுத்து முடித்திருந்தன. பதிலுக்கு நியூயார்க்கில் கிடைக்க வேண்டிய டாலர், நேர வித்தியாசத்தால், இன்னும் வரவில்லை. வரவும் இல்லை. ஒருவர் கொடுத்த பிறகு மற்றவர் கொடுப்பதற்குள் விழுந்துவிடும் ஆபத்துக்கு இன்றும் வங்கியாளர்கள் ஹெர்ஷ்டாட் ரிஸ்க் என்றுதான் பெயர் சொல்கிறார்கள். உங்கள் 10,000க்கும் அதற்கும் அளவில் ஒப்பே இல்லை. ஆனால் ‘முதலில் எனக்கு வரட்டும், அப்புறம் தருகிறேன்’ என்ற வங்கிப் புத்தி எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ள அது உதவும்.

இரண்டாவது காரணம் நீங்கள்தான். கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்காகப் பணம் வசூலிக்கும் நிறுவனத்தின் கண்ணில் நீங்கள் கடன் வாங்குபவர் மாதிரி. வாடிக்கையாளர் பொருள் வரவில்லை, கார்டு என்னுடையதுதான் ஆனால் நான் வாங்கவில்லை என்றெல்லாம் தன் வங்கியிடம் புகார் செய்து பணத்தைத் திருப்பி எடுக்கலாம். இதுதான் சார்ஜ்பேக். பெரிய கார்டு நெட்வொர்க்குகளின் விதிப்படி பல வகைப் புகார்களுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. அதற்குள் நீங்கள் கடையை மூடிவிட்டுக் காணாமல் போனால் அந்தப் பணத்தை உங்கள் வசூல் வங்கிதான் கட்ட வேண்டும். அதனால் புதிய கடைக்காரருக்கு T+1க்குப் பதில் T+7 என்று வைப்பார்கள். இன்று பணம் வாங்கி மூன்று மாதம் கழித்துச் சேவை தரும் பயண ஏற்பாட்டாளர் போன்றவர்களிடம், ஒவ்வொரு பட்டுவாடாவிலும் ஒரு பங்கைப் பிடித்து வைத்து மாதங்கள் கழித்து விடுவிப்பார்கள். வழக்கமாக நாளுக்கு மூன்று ஆர்டர் வரும் கடைக்குத் திடீரென்று முப்பது வந்தாலும் ஒருவர் உட்கார்ந்து பார்த்த பிறகே பணம் போகும். நல்ல நாளில் நல்ல வியாபாரம் செய்தவருக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் திருட்டுக் கார்டுகளை வைத்து விற்பதும் அதே மாதிரிதான் ஆரம்பிக்கும்.

வட்டி விஷயம். இடைப்பட்ட நாட்களில் பணம் முழுவதும் ஒரே ஆளிடம் இருப்பதில்லை. திங்கள் வரை அது வாடிக்கையாளரின் வங்கியில் இருந்தது. அது கிரெடிட் கார்டாக இருந்தால் அங்கேயும் பணம் என்று ஒன்று இல்லை, அந்த வங்கி தன் கையிலிருந்து கொடுக்கப் போகிறது. திங்கள் இரவோ செவ்வாய் காலையோதான் உங்கள் கேட்வே தரப்புக்கு வந்திருக்கும். பல நாடுகளில் கடைக்காரர் பணத்தைத் தங்கள் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இடையில் யாருக்கும் ஒன்றுமே லாபம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய தொகைகள் ஓரிரு நாள் தங்கினாலும் ஏதோ ஒன்று சேரும். ஆனால் கேட்வே சம்பாதிப்பது முக்கியமாக உங்களிடம் பிடிக்கும் கட்டணத்தில்தான். அதைத்தான் நீங்கள் கூர்ந்து பார்க்க வேண்டும்.

இனி அந்த 33,750. வங்கிக் கணக்கு அறிக்கையில் இது பிடிபடாது, கேட்வே தளத்தில் இருக்கும் செட்டில்மென்ட் அறிக்கையை இறக்கிப் பாருங்கள். உங்கள் எண்கள் எப்படி அமைந்திருக்கக்கூடும் என்று காட்டுகிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளி இரவு 10 முதல் சனி இரவு 10 வரை ஒரு பேட்ச். அதில் அந்த 10,000, சனியன்று மூன்று ஆர்டர் சேர்ந்து 18,500. ஞாயிறு பேட்சில் இரண்டு ஆர்டர், 9,000. இரண்டு பேட்சுக்கும் T திங்கள்தான் என்பதால் சேர்ந்தே செவ்வாயன்று வருகின்றன. மொத்தம் 37,500. இதில் 2 சதவீதக் கட்டணம் 750 போக 36,750. சனியன்று பழைய ஆர்டர் ஒன்றுக்கு 3,000 ரீஃபண்ட் கொடுத்தீர்கள் என்றால் அதுவும் இதிலிருந்தே கழியும். மீதி 33,750.

ரீஃபண்டை நீங்கள் தனியாகக் கட்டுவதில்லை, அடுத்து வரும் பட்டுவாடாவில் பிடித்துக்கொள்வார்கள் என்பது பல பேருக்கு நினைவில் இருப்பதில்லை. அந்த 3,000 முதலில் விற்றபோது பிடித்த கட்டணம் பெரும்பாலான நிறுவனங்களில் திரும்பி வராது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டணத்தின் மீது வரி இருக்கும் நாடுகளில் அந்தச் சிறு தொகையும் சேர்ந்து கழியும். ஒவ்வொரு விற்பனையையும் வங்கி வரவோடு பொருத்தப் பார்த்தால் தலைதான் வலிக்கும். ஒரு பட்டுவாடாவை எடுத்து, அதற்குள் எந்தெந்த ஆர்டர் இருக்கிறது என்று மேலிருந்து கீழே இறங்கினால் அரை மணி நேர வேலை. அறிக்கையின்படி கேட்வே அனுப்பிவிட்டது, வங்கியில் மட்டும் காணோம் என்றால், அந்தப் பட்டுவாடாவுக்கு உரிய வங்கிப் பரிமாற்ற எண்ணைக் கேட்டு வாங்கி உங்கள் வங்கியில் கொடுங்கள். கணக்கில் உள்ள பெயர் ஓரெழுத்து மாறியிருந்தால்கூடத் திரும்பிப் போயிருக்கலாம். நான் பார்த்த ‘தொலைந்த பணம்’ கேஸ்களில் நிறைய இந்த வகைதான்.

கணக்கிலிருந்து கணக்குக்கு உடனே போகும் பரிவர்த்தனைகளில் இந்தத் தாமதம் இல்லையே என்று கேட்பீர்கள். அங்கே வேடிக்கை தலைகீழ். பிரிட்டனில் 2008 முதல் நடக்கும் ஃபாஸ்டர் பேமென்ட்ஸ் முறையில் பணம் பெறுபவர் கணக்கில் நொடிகளில் பணம் ஏறிவிடும், ஆனால் வங்கிகள் தங்களுக்குள் தீர்ப்பது வேலை நாட்களில் மட்டும்தான், அதுவும் கூட்டிக் கழித்து. பெறும் வங்கி, தன் கைக்குப் பணம் வருமுன்னே உங்களுக்குக் கொடுத்துவிடுகிறது. பிரேசிலில் 2020இல் வந்த பிக்ஸ் முறையில் ஒவ்வொன்றும் அப்போதே மத்திய வங்கிக் கணக்குகளிலேயே தீர்கிறது, ஞாயிறும் சரி, நள்ளிரவும் சரி. ஆனால் ஒன்று: இப்படிப்பட்ட முறையிலும் வாடிக்கையாளர் பணம் கட்டுவது கேட்வேயின் கணக்குக்கு என்றால், கேட்வேக்கு நொடியில் வரும், உங்களுக்கு ஒப்பந்தப்படி நாளைதான். ரசீதில் பணம் பெற்றவர் இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயரா, அவர்கள் பெயரா என்பதில் பதில் தெரிந்துவிடும்.

கடைசியாக அந்த 0.5 சதவீதம். வங்கிகள் தீர்ப்பதற்கு முன்பே கேட்வே தன் பணத்தைக் கொடுக்கிறது, பிறகு வரும் தொகையில் எடுத்துக்கொள்கிறது. பெயர் எதுவானாலும் அது கடன், அந்த 0.5 சதவீதம் வட்டி. புதன் மதியம் விற்றது எப்படியும் வியாழன் மதியம் வந்துவிடும். ஒரு நாளுக்கு 0.5 சதவீதம் என்றால் வருடக் கணக்கில் 182 சதவீதம். வெள்ளி இரவு விற்றது செவ்வாய் மதியம் வர மூன்றரை நாள். அதற்கு அதே 0.5 என்றால் வருடத்துக்கு 52 சதவீதம் அளவு. அதுவும் மலிவு இல்லை. ஆனால் சனிக்கிழமை சரக்கு எடுக்கப் பணம் இல்லாமல் வியாபாரம் நின்றுபோகும் என்றால் அன்று ஒரு தடவை எடுக்கலாம். எல்லா விற்பனைக்கும் தானாகப் பொருந்தும்படி அந்தத் தேர்வை ‘ஆன்’ செய்து வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் கையால் கேட்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே ஒரு மெயில் போட்டு கட்-ஆஃபை இரவு 10லிருந்து நள்ளிரவுக்குத் தள்ள முடியுமா என்றும் கேளுங்கள். சில நிறுவனங்கள் பழைய கடைக்காரர்களுக்குச் செய்து தருகிறார்கள். கிடைத்தால் அடுத்த வெள்ளி 11:40 ஆர்டர் காசு செலவில்லாமல் திங்களன்றே வந்துவிடும்.